புகைப்படத்திலிருந்து மூட்டசையும் நிழற்பாவை: குடை பிடித்து நடப்பவரை வெட்டி எடுப்பது எப்படி

ஒரு புகைப்படத்தைக் கறுப்பு உருவமாக்குவது பத்து நிமிட வேலை. அந்த உருவத்தைத் துண்டுகளாகப் பிரித்து, கையும் காலும் அசையும்படி மறுபடி கோப்பதில்தான் பெரும்பாலான பாவைகள் கெடுகின்றன. தோளில் பிறை வடிவில் வெளிச்சம் ஒழுகும், முழங்கையில் படி விழும், கையைக் கீழே இறக்கினால் கை காணாமலே போய்விடும். இவை வெட்டும்போது வருகிற பிழைகள் அல்ல. படம் எடுக்கும்போதும் மூட்டு வரையும்போதும் உள்ளே நுழைந்தவை.

குடை பிடித்து நடக்கும் ஒருவரின் பக்கவாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் பார்ப்போம். பாதம் முதல் உச்சந்தலை வரை 30 செ.மீ. உயரம். மொத்தம் 5 துண்டுகள்: தலையோடு சேர்ந்த உடல், மேற்கை, முன்கையும் குடையும் சேர்ந்த ஒரே துண்டு, முன்கால், பின்கால். மறுபக்கத்துக் கை உடலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அதை விட்டுவிடலாம். தலைக்கும் முழங்காலுக்கும் மூட்டு வேண்டாம். ஒருவர் இரண்டு குச்சிகளை வைத்து ஆட்டும் பாவையில், குச்சி பிடிக்காத ஒவ்வொரு மூட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடும். முழங்கால் முன்பக்கமாக மடிந்து தொங்குவதைப் பார்த்தால் இது புரியும்.

படம் எடுக்கும்போதே முடிவாகிற விஷயங்கள்

ஆளுக்குப் பின்னால் வெளிச்சமான வெற்றுச் சுவர் இருக்கட்டும். கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து, குறைந்தது 4 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் கேமராப் பக்கத்துக் கை பெருத்துவிடும், பாதம் குறுகிவிடும். வண்ணப் படத்தில் கண் இதைச் சரிசெய்துகொள்ளும். கறுப்பு உருவத்தில் வேறு எந்தத் தகவலும் இல்லாததால் பிழை அப்படியே தெரியும்.

ஒரு படம் போதாது. முக்கிய நிலைக்கு ஒன்று: தலை சுத்தமான பக்கவாட்டில், முன்கை உடலை விட்டு வெளியே நீண்டு, குடைக்காம்பு மூக்கிலிருந்து நன்றாக விலகி இருக்க வேண்டும். பிறகு ஆளும் கேமராவும் இடம் மாறாமல், ஜூமையும் தொடாமல், இன்னும் இரண்டு படங்கள். ஒன்றில் குடை இல்லாமல் கையை முன்னால் நேராக நீட்டியிருக்க வேண்டும். மற்றதில் கால்களை நன்றாக அகட்டி வைத்திருக்க வேண்டும். இவை உதிரிப்பாகப் படங்கள். முதல் படத்தில் மேற்கை மார்போடு ஒட்டியும், ஒரு தொடை மற்றதன் பின்னால் மறைந்தும் இருக்கும். அவற்றின் உண்மையான அகலம் அதில் தெரியாது. ஒரே தூரத்தில் எடுத்தால் மூன்று படங்களும் ஒரே அளவில் இருக்கும், பின்னால் அளவு பார்த்துச் சேர்க்கிற தலைவலி இல்லை.

உடையையும் கவனியுங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளச் சட்டை இந்த வேலைக்கு மிகவும் உதவும். காரணம் இடுப்பு மூட்டுக்கு வரும்போது தெரியும்.

கறுப்பாக்குதல்

இங்கே GIMP என்ற படத்திருத்த மென்பொருள் போதும். படத்தில் உருவத்தின் உயரம் சுமார் 3540 பிக்ஸல் வருமாறு அளவை மாற்றுங்கள். 30 செ.மீ. உருவத்தை 300 dpi-யில் அச்சிட அதுதான் கணக்கு. அப்போது ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்ஸல். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் மற்ற எல்லா அளவும் எளிது.

`Colors > Threshold` உடனே கறுப்பு வெள்ளையாக்கும். ஆனால் வெளிர்நிறச் சட்டையும் வெளிச்சச் சுவரும் ஒன்றாகக் கரைந்துபோகும், முகத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும், தரையில் விழுந்த நிழல் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர எடுத்த படத்துக்கு மட்டும் இது நன்றாக வேலை செய்யும். மற்றபடி Paths கருவியால் உருவத்தைச் சுற்றிக் கையால் கோடு போட்டு, அதைத் தேர்வாக மாற்றி, புதிய லேயரில் கறுப்பை நிரப்புவதே மேல். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் சுற்றி வரும்போதே காது மடிப்பு, சட்டைச் சுருக்கம், செருப்பு வார் போன்ற தேவையற்றவற்றை விட்டுவிட்டுப் போகலாம். குடையோடு இருக்கும் உருவத்தையும் உதிரிக் கை, கால்களையும் தனித்தனி லேயர்களில் இப்படி நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது கோடு பிசிறாக, நடுக்கமாக இருக்கும். வெள்ளைப் பின்னணியோடு லேயரைச் சேர்த்து, `Filters > Blur > Gaussian Blur` போய் Size 12 கொடுத்து மங்கலாக்குங்கள். பிறகு Threshold-ஐ நடுப்புள்ளியில் வைத்துத் திரும்பவும் கூர்மையாக்குங்கள். விளிம்பு வழவழப்பாகிவிடும். மங்கலாக்கிய அளவைப் போல ஏறக்குறைய 1.35 மடங்குக்கும் குறைவான அகலமுள்ள பட்டைகள் இதில் மறையும். அதாவது இங்கே 16 பிக்ஸல், சுமார் 1.3 மி.மீ. கலைந்த முடி, நூல் பிசிறு எல்லாம் போய்விடும். அதே அளவுக்குக் குறுகிய வெளிச்ச இடைவெளிகளும் அடைபட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம். Size-ஐ 25, 30 என்று ஏற்றினால் மூக்கும் மோவாயும் உருண்டு, ஆள் யாரென்றே தெரியாமல் போகும்.

தடிப்பாக்குதல்

உண்மையான உடல் அளவுகளை அப்படியே குறுக்கினால் வெட்ட முடியாத பாவைதான் கிடைக்கும். 170 செ.மீ. ஆள் 30 செ.மீ. ஆகும்போது ஒரு செ.மீ. தடிமனான குடைக்காம்பு 1.8 மி.மீ. ஆகிவிடுகிறது. அட்டையில் அது முதல் நாளே மடங்கும். அதனால் காம்பை 5 மி.மீ. ஆக்குங்கள். விரல்களைப் பிரிக்க வேண்டாம். பெருவிரல் தனியாகவும் மற்ற நான்கும் ஒரே கட்டியாகவும் இருந்தால் பிடித்திருப்பது தெரியும். மணிக்கட்டு 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கழுத்து இயல்பாகவே 2 செ.மீ. அளவில் வரும், அதைத் தொட வேண்டியதில்லை.

தலையை மட்டும் 10 முதல் 15 விழுக்காடு பெரிதாக்குவது நல்லது. அளவுப்படி அது 4 செ.மீ. உயரம்தான் வரும், திரையில் சிறிதாகத் தெரியும். மூக்கு நுனி, மோவாய், கொண்டை அல்லது முடியின் மேடு இவற்றை மங்கலாக்கிய பிறகு தூரிகையால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிடுங்கள். மிகையாகப் படும். திரையில் சரியாக இருக்கும்.

ஏன் என்பதற்குக் காரணம் விளக்கில் இருக்கிறது. விளக்கு ஒரு புள்ளி அல்ல, அதற்கு அகலம் உண்டு. 6 செ.மீ. அகலமுள்ள பல்பு பாவையிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, பாவை திரையிலிருந்து 1 செ.மீ. விலகி நிற்கிறது என்று வையுங்கள். நிழலின் ஓரத்தில் 1 மி.மீ. அகலத்துக்கு மங்கல் விழும். பாவை 5 செ.மீ. விலகினால் மங்கல் 5 மி.மீ. ஆகும். 2 மி.மீ. பள்ளம் அதில் கரைந்தே போகும். எனவே எந்தப் பட்டையும் 4 மி.மீ.க்குக் குறையாமல், எந்தப் பள்ளமும் இடைவெளியும் 3 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குடைக்காம்புக்கும் மூக்குக்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. வெளிச்சம் தேவை. காம்பு முகத்தோடு ஒட்டினால் பார்ப்பவருக்குத் தூண் ஒன்றுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தெரியும். குடைத்துணியின் விரிவு அளவுப்படி 17 செ.மீ. வரும், 15 ஆகக் குறைத்தால் கனம் குறையும். கீழ் விளிம்பில் ஐந்து வளைவுகள் போதும், கம்பிகள் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் உருவத்தைக் கணினித் திரையில் 3 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். நடக்கிறாரா, குடை பிடித்திருக்கிறாரா என்பது அந்த அளவிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நுணுக்கம் சேர்த்துப் பயனில்லை. கையை உடலை விட்டு இன்னும் வெளியே நகர்த்துங்கள்.

மூட்டு: ஒரு வட்டம், இரண்டு துண்டு

எல்லாமே இங்கேதான் இருக்கிறது. ஒரு மூட்டில் சேரும் இரண்டு துண்டுகளும் ஒரே அளவிலான முழு வட்டத்தில் முடிய வேண்டும். அந்த வட்டத்தின் விட்டம் அந்த இடத்தில் கையின் அகலத்துக்குச் சமம். சுழல்புள்ளி வட்டத்தின் நடுவில். இவ்வளவுதான் விதி. வட்டம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் வட்டமாகவே இருப்பதால், கை எப்படி மடங்கினாலும் வெளிப்பக்கம் உருண்டையாக மூடியிருக்கும். இடைவெளியும் வராது, மூலையும் துருத்தாது.

பலரும் செய்வது வேறு: முழங்கையில் குறுக்காக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்து, நடுவில் ஆணி குத்துவார்கள். கை நேராக இருக்கும்வரை எல்லாம் சரி. மடக்கியதும் சதுர முனை ஒருபக்கம் கூராக நீட்டிக்கொள்ளும், மறுபக்கம் முக்கோணமாக வெளிச்சம் விழும். சுழல்புள்ளி 2 மி.மீ. விலகினாலும் இதே போல ஒரு பக்கம் புடைப்பும் எதிர்ப்பக்கம் பள்ளமும் வரும். அந்தப் படியைப் பார்த்தாலே மையம் எந்தப் பக்கம் விலகியது என்று சொல்லிவிடலாம்.

வரைவதற்கு Inkscape என்ற வரைகலை மென்பொருள் வசதி. கறுப்பு உருவத்தை உள்ளே கொண்டுவந்து `Path > Trace Bitmap` மூலம் கோடாக மாற்றுங்கள். `Path > Simplify` ஒரு முறை போதும். இரண்டாவது முறை செய்தால் மூக்கு சப்பையாகும். உதிரிப் படத்திலிருந்து எடுத்த நேர்கையை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையில் கையின் இரு விளிம்புகளையும் தொடும்படி ஒரு வட்டம் வரையுங்கள். நம் அளவில் அது சுமார் 16 மி.மீ. வரும். வட்டத்தின் மையம் வழியே, கைக்குக் குறுக்காக விளிம்பு அமையும்படி ஒரு செவ்வகம் வைத்து, `Path > Difference` கொடுத்து முதல் நகலில் முன்கைப் பாதியை நீக்குங்கள். இரண்டாவது நகலில் மேற்கைப் பாதியை நீக்குங்கள். பிறகு இரண்டிலும் அதே வட்டத்தை `Path > Union` மூலம் சேர்த்துவிடுங்கள். வட்டத்தின் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி போட்டு வைத்தால் பின்னால் ஊசி குத்த இடம் தேட வேண்டாம். முன்கையின் நுனியில் நேர்கையின் உள்ளங்கை இருக்கும். அதை வெட்டிவிட்டு, முக்கியப் படத்திலுள்ள பிடித்த கையையும் குடையையும் சேர்த்து ஒன்றாக்குங்கள்.

தோள் சற்று வேறு. பக்கவாட்டில் பார்க்கும்போது தோள்மூட்டு உடலின் விளிம்பில் இல்லை, மார்பு அகலத்தின் நடுவில் இருக்கிறது. மேற்கையின் முனையில் 20 மி.மீ. வட்டம் வைத்து, அந்த வட்டம் முழுவதும் உடலின் கறுப்புக்குள் அடங்குமாறு சுழல்புள்ளியைக் குறியுங்கள். தோளின் மேல் விளிம்பிலிருந்து 11 மி.மீ. கீழே என்றால் சரியாக இருக்கும். உடல் துண்டில் வட்டம் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் கை மறைத்திருந்த மார்புக் கோட்டை நீங்களே முழுமையாக்க வேண்டும். இதை மறந்து, கை இருந்த இடத்தில் மார்பைக் குழிவாக விட்டுவிட்டால், கை தூக்கியதும் அந்தக் குழி வெளியே வரும். முதலில் சொன்ன பிறை வடிவ ஒழுக்கு பெரும்பாலும் இதுதான்.

கறுப்பின்மேல் கறுப்பு வைத்தால் எதுவும் தெரியாது. மேற்கை உடலுக்கு நேராகத் தொங்கினால் நிழலில் அந்தக் கையே இருக்காது. அதைத் தடுக்கக் கையின் ஓரமாக வெளிச்சக் கீற்று வெட்டலாமே என்று தோன்றும். கையில் கீறினால் பின்னாலிருக்கும் உடல் அடைக்கும், உடலில் கீறினால் கை அடைக்கும். இரண்டிலும் கீறினால் ஒரே ஒரு கோணத்தில்தான் வெளிச்சம் வரும். கழுத்துப்பட்டி, பையின் வார் போல எந்தத் துண்டும் கடந்து போகாத இடத்தில் மட்டும் 3 மி.மீ. கீற்று வெட்டுங்கள். கை தெரிய வேண்டுமென்றால் முழங்கை மடங்கி முன்கை வெளியே நிற்கும் நிலையே பாவையின் இயல்பு நிலையாக இருக்க வேண்டும். குடை பிடித்தவரைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுவே.

இடுப்பில் இரு கால்களுக்கும் ஒரே சுழல்புள்ளி போதும். முன்கால் உடலுக்கு முன்னே, பின்கால் பின்னே, நடுவில் உடல். மூன்றையும் ஒரே இணைப்பு பிடிக்கும். தொடையின் மேல்முனை வட்டம் 30 மி.மீ. அளவில் வரும். உடல் துண்டின் கீழ் விளிம்பை நேராக வெட்டாமல், சட்டையின் தொங்கலாக, சுழல்புள்ளிக்குக் கீழே 25 மி.மீ. வரை இறக்குங்கள். வட்டத்தின் ஆரம் 15 மி.மீ. என்பதால் அதற்கும் கீழே 10 மி.மீ. மறைப்பு கிடைக்கிறது. கால் முன்னும் பின்னும் எவ்வளவு வீசினாலும் மூட்டு வெளியே தலைகாட்டாது.

வெட்டுவதற்கு முன் கணினித் திரையிலேயே ஆட்டிப் பாருங்கள். Inkscape-இல் ஒரு துண்டை இரண்டாம் முறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியும் வரும். அந்தக் குறியை இழுத்துச் சுழல்புள்ளியில் வையுங்கள். முன்கைக்கு முழங்கையில் வைத்த பிறகு, முன்கையையும் மேற்கையையும் `Object > Group` மூலம் சேர்த்து, அந்தக் குழுவின் குறியைத் தோளில் வையுங்கள். Ctrl அழுத்திச் சுழற்றினால் 15 பாகை வீதம் திரும்பும். குடை முகத்தைத் தொடும் கோணம் எது, முழங்கை மார்புக்குள் மறையும் கோணம் எது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். முன்கையை மேலே தூக்கும்போது காம்பு பின்னோக்கிச் சாய்ந்து நெற்றியில் மோதும். 30 பாகைக்கு முன்பே மோதினால் முன்கையை ஒரு செ.மீ. நீளமாக்குங்கள். உடற்கூறுப்படி தவறுதான், நிழலில் யாரும் அளக்கப் போவதில்லை.

அச்சு, வெட்டு

நிரப்பிய கறுப்பை அச்சிட வேண்டாம். மை ஊறிக் காகிதம் நெளியும், கறுப்புக்குள் சுழல்புள்ளிக் குறியும் தெரியாது. நிரப்பை நீக்கி, 0.25 மி.மீ. கோடு மட்டும் வைத்து, துண்டுகளைப் பரப்பி A4 தாள்களில் 100 விழுக்காடு அளவில் அச்சிடுங்கள். அச்சுப்பொறி தாளுக்கு ஏற்பச் சுருக்கினால் ஒரே தாளில் உள்ளவை எல்லாம் சேர்ந்தே சுருங்கும். ஆனால் இரண்டு தாள்களில் இரண்டு அளவு வந்தால் வட்டங்கள் பொருந்தாது. ஒவ்வொரு தாளிலும் 50 மி.மீ. கோடு ஒன்று போட்டு அளந்து பாருங்கள்.

அட்டை 300 ஜிஎஸ்எம் கறுப்பு. 200-க்குக் கீழே போனால் குடை தொய்யும். தாளை அட்டைமேல் பசைக்குச்சியால் அங்கங்கே மட்டும் ஒட்டுங்கள். முதலில் சுழல்புள்ளிகளில் ஊசி குத்திவிடுங்கள், அடுத்து உட்கீற்றுகளை வெட்டுங்கள், புறக்கோடு கடைசி. வரிசை மாறினால் சிறு துண்டைப் பிடிக்க முடியாமல் துளை நகரும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், அட்டையைத் திருப்புங்கள்.

கோத்தல்

விரியும் இரண்டு கால்கள் கொண்ட பித்தளை ஆணி கிடைக்க எளிது, ஆனால் அதன் தலை பாவையைத் திரையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தும். விரிந்த கால்கள் 16 மி.மீ. முழங்கை வட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்ப்பதும் உண்டு. நூல் முடிச்சு இதைவிட நல்லது. சுழல்புள்ளியின் இருபுறமும் சிறு சதுரமாகச் செல்லோடேப் ஒட்டி, தடித்த பருத்தி நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, ஊசியால் துண்டுகளுக்குள் இழுங்கள். மறுபக்கத்தில் முடிச்சுப் போடும்போது அட்டைக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு குண்டூசியை வைத்து இறுக்கி, பிறகு குண்டூசியை உருவிவிடுங்கள். தேவையான தளர்வு கிடைக்கும். முடிச்சின் தலையில் ஒரு சொட்டுப் பசை. அது அட்டையில் வழிந்தால் மூட்டு ஒட்டிக்கொள்ளும்.

பாவையைத் தூக்கிப் பிடித்தால் கால்கள் தாமாகத் தொங்க வேண்டும். தொங்காமல் விறைத்து நின்றால் முடிச்சு இறுக்கம். முன்கையைத் தூக்கி விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து மடங்கினால் தளர்வு அதிகம்.

குச்சிகள் இரண்டு, விளக்குப் பக்கமாக. உடலின் குச்சியை மார்பின் நடுவே, தோள் சுழல்புள்ளியிலிருந்து 3 செ.மீ. கீழே பட்டையாக ஒட்டுங்கள். மேற்கை அந்தப் பக்கத்தில் இருந்தால் குச்சியில் தட்டும். ஆகவே கைத் துண்டைத் திரைப் பக்கத்தில் கோப்பது வசதி. இரண்டாவது குச்சியைக் கையின் பிடியில் ஒட்டாமல், நூல் கண்ணி ஒன்றில் மாட்டுங்கள். ஒட்டிவிட்டால் முழங்கை திரும்பும்போது குச்சியும் திரும்பி, அதன் நிழல் குடைக்காம்புக்குப் பக்கத்தில் இரண்டாவது காம்பாக விழும்.